கணக்கேட்டில் ‘கரு ரூபாய்’: பார்வையற்றவர் படிக்கும்படி தட்டச்சுப் படியை எப்படி அமைப்பது?

மாட்டுங்கா செல்வி

என் அம்மாவின் தாத்தா மாட்டுங்காவில் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தினார். அவருடைய நாள்வழிக் கணக்கேடு ஒன்று எங்களிடம் இருக்கிறது. தாது வருஷம் ஆவணியில் தொடங்கி ஈஸ்வர வருஷம் பங்குனியில் முடிகிறது. அதாவது 1936 முதல் 1938 வரை. மொத்தம் 96 பக்கம். ஆறு மாதமாக உட்கார்ந்து வேர்டில் 40 பக்கம் தட்டச்சு செய்துவிட்டேன்.

இதைக் கேட்டவர் என் பெரியம்மா. செம்பூரில் இருக்கிறார், ஓய்வு பெற்ற தமிழாசிரியை. கண் அழுத்த நோயால் பார்வை போய்ப் பத்து வருடம் ஆகிறது. மடிக்கணினியில் என்விடிஏ, கைப்பேசியில் டாக்பேக் என்னும் திரைவாசிப்பான்களை வைத்துக் காதால் படிக்கிறார். போன வாரம் கோப்பை அனுப்பினேன். மறுநாளே தொலைபேசியில் மூன்று கேள்வி கேட்டார். ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் ‘உ’ என்று ஒற்றை எழுத்து ஏன் வருகிறது, கோப்பு கெட்டுவிட்டதா? ‘கரு ரூபாய்’ என்றால் என்ன? தை மாதக் கணக்குக்குப் போக எந்த விசையை அழுத்த வேண்டும்?

முதல் கேள்விக்கு விடை தெரியும், அது பிள்ளையார் சுழி. மற்ற இரண்டுக்கும் தெரியவில்லை. 37ஆம் பக்கத்தில் நான் அடித்து வைத்திருப்பது இதுதான்:

```
உ
தாது ௵ தை ௴ கரு ௳
சுப்பையா அரிசி மூ 2  ௹ கரு
௸ பருப்பு  ௹ ச
௸ எண்ணெய்  [அடித்தல்] 2-8-0
[முத்திரை] [கையெழுத்து]
மாரி விறகு  ௹ ங (பணம் கொடுத்தாயிற்று)
```

ஏட்டில் முத்திரை, கைநாட்டு, சிவப்புப் பென்சில் குறி, கோடு போட்டு அடித்தது எல்லாம் நிறைய உண்டு. எதைச் சொல்வது, எதை விடுவது, எப்படிச் சொல்வது?

தாராவி நெல்லையப்பன்

நல்ல வேலை, தங்கச்சி. இதற்கு எளிய வழி இருக்கிறது. 96 பக்கத்தையும் ஸ்கேன் செய்து படமாகக் கோப்பில் வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும், படத்துக்குப் பதிலாகக் குரல் வாசிக்கும் மாற்று உரை எழுதலாம். அதில் பக்கத்தில் இருப்பதை எல்லாம் விவரமாகச் சொல்லிவிடுங்கள்: காகிதத்தின் நிறம், கிழிசல், மை, முத்திரை, எல்லாம். ‘பக்கம் 1’, ‘பக்கம் 2’ என்று தலைப்புப் போட்டுவிட்டால் பெரியம்மா தாவித் தாவிப் போவார். மூல ஏடு பக்கம் பக்கமாகத்தானே இருக்கிறது?

அந்தேரி இராகவன்

நெல்லையப்பன் அண்ணன் சொன்னதில் ஒரு பாதி சரி: தலைப்பு வேண்டும், அது தாவிப் போக உதவும். மறுபாதியை ஏற்க முடியவில்லை. நான் பிறவியிலேயே பார்வையற்றவன். வங்கியில் இருபது வருடமாகக் கோப்புகளைக் காதால்தான் படிக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

மாற்று உரை என்பது ஒரே மூச்சில் வாசிக்கப்படும் ஒரு துண்டு. அதற்குள் தலைப்பு வைக்க முடியாது, வரி வரியாக நிறுத்திப் படிப்பதும் கடினம். ஒரு பக்கக் கணக்கை அதற்குள் திணித்தால் ஒரு தொகையைத் திரும்பக் கேட்க முழுப் பக்கத்தையும் மறுபடி கேட்க வேண்டியிருக்கும். உரை உரையாகவே இருக்கட்டும்.

அடுத்தது தலைப்பு. ஒரு கோப்பு கைக்கு வந்தால் நான் முதலில் அதைப் படிப்பதில்லை. `NVDA+F7` அழுத்தித் தலைப்புகளின் பட்டியலைத்தான் கேட்பேன். நீங்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் ‘பக்கம் 1, பக்கம் 2, பக்கம் 3’ என்று 96 முறை கேட்டால் எனக்கு என்ன தெரியும்? ஏட்டில் 96 பக்கம் இருக்கிறது என்பது தெரியும். தை மாதம் எங்கே என்று தெரியாது.

செல்வி, உங்கள் கோப்பில் இப்போது தலைப்பு எப்படி இருக்கிறது? எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி வைத்திருக்கிறீர்களா?

மாட்டுங்கா செல்வி

ஆமாம் அண்ணா, அப்படித்தான். மாதப் பெயர்களை 18 அளவில், தடிப்பாக, நடுவில் வைத்திருக்கிறேன். பார்க்க அழகாகவே இருக்கிறது!

அந்தேரி இராகவன்

அழகு எங்களுக்குக் கேட்காது. பெரியம்மாவின் கணினிக்கு அது மற்ற வரிகளைப் போல ஒரு வரி, அவ்வளவுதான். மாதத்தின் வரியில் நின்று `Ctrl+Alt+2` அழுத்துங்கள், `Heading 2` ஆகிவிடும். நாளின் வரிக்கு `Ctrl+Alt+3`. ஏட்டின் பெயர் மட்டும் `Heading 1`. பெரியம்மா வேர்டில் `NVDA+Space` அழுத்தி உலாவும் நிலைக்குப் போய், `2` என்ற எண்ணைத் தட்டினால் மாதம் மாதமாகவும், `3` தட்டினால் நாள் நாளாகவும் தாவலாம். மூன்றாவது கேள்விக்கு இதுதான் விடை.

தலைப்பின் சொற்களைப் பற்றியும் ஒன்று. ‘தாது வருஷம் தை மாதம் 15ஆம் நாள்’ என்று ஒவ்வொரு நாளுக்கும் முழுதாக எழுதாதீர்கள். பட்டியலில் கீழே இறங்க இறங்க ‘தாது வருஷம் தை மாதம்’ என்ற பகுதியையே முப்பது முறை கேட்க வேண்டும், வேறுபடும் எண் கடைசியில்தான் வரும். மாதத் தலைப்பு ‘தை, தாது வருஷம், 1937 ஜனவரி–பிப்ரவரி’ என்று இருக்கட்டும். அதன் கீழே ‘தை 15’ போதும். அன்றைக்கு ஏதாவது தனிச் செய்தி இருந்தால் ‘தை 15, சுப்பையாவுக்குப் பணம்’ என்று சேர்க்கலாம்.

பக்க எண்ணைத் தூக்கி எறிய வேண்டாம். நாளைக்கு யாராவது ‘37ஆம் பக்கத்தில் பாருங்கள்’ என்பார்கள். தலைப்பாக இல்லாமல் தனி வரியாக ‘பக்கம் 37’ என்று இருந்தால் தேடிப் பிடித்துக்கொள்வோம். ஒரு நாளின் கணக்கு அடுத்த பக்கத்துக்கு ஓடினால் அந்த வரி நடுவில் வரும், அதனால் ஒன்றும் கெடாது.

பவானி, தானே

எனக்கும் இதே சிக்கல்தான். எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதித் தருகிறேன். ‘(சிரிப்பு)’, ‘(கைதட்டல்)’, ‘(இருமல்)’ என்று போடுவேன். எங்கள் கட்டடத்தில் பார்வையற்ற ஒருவர் இருக்கிறார். ‘தலைவர் நிதி போதாது சிரிப்பு என்று சொன்னார்’ என்று வாசிக்கிறதாம். சண்டையே வந்துவிட்டது. எதற்குச் சொல்கிறேன் என்றால், கூட்டத்தில் யார் பேசினார்கள் என்பதைத் தலைப்பாக வைக்கலாமா?

அந்தேரி இராகவன்

பவானி அம்மா, செல்வியின் கேள்வி கையெழுத்து ஏட்டைப் பற்றியது, ஒலிப்பதிவைப் பற்றியது இல்லை. பேசுபவர் பெயரைத் தலைப்பாக்குவதைத் தனி இழையில் பேசலாம். ஆனால் அந்தச் சிரிப்புக் கதை இங்கே மிகவும் பொருந்துகிறது. நான் சொல்ல மறந்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

என்விடிஏவில் எந்த நிறுத்தற்குறியை வாய்விட்டுச் சொல்வது என்பதற்கு நிலைகள் உண்டு. நிறுவியவுடன் இருக்கும் நிலையில் அடைப்புக்குறிகளின் பெயரைச் சொல்லாது. `NVDA+P` அழுத்தி நிலையை உயர்த்தினால்தான் சொல்லும். உயர்த்தினால் எல்லாக் குறிகளையும் சேர்த்துச் சொல்லிக் காதைக் குடைந்துவிடும், ஆகவே பலரும் உயர்த்துவதில்லை. செல்வி எழுதியிருக்கும் ‘[அடித்தல்] 2-8-0’ என்பதைப் பெரியம்மா ‘அடித்தல் இரண்டு எட்டு பூஜ்யம்’ என்று கேட்டிருப்பார். அடித்தல் என்று ஒரு பொருளை அன்று வாங்கினார்கள் போல!

அதனால் உங்கள் சொல் எது, தாத்தாவின் சொல் எது என்பதைக் குறியால் பிரிக்காதீர்கள், சொல்லால் பிரியுங்கள். ‘குறிப்பு:’ என்று தொடங்கித் தனி வரியில் எழுதுங்கள். தனி வரி முடிந்தால் குறிப்பும் முடிந்தது. வரியின் நடுவிலேயே சொல்ல வேண்டி வந்தால் ‘குறிப்பு முடிந்தது’ என்றும் சொல்லிவிட வேண்டும்.

நிறத்தாலோ, குறுக்குக் கோட்டாலோ மட்டும் காட்டுவதும் இதே கதைதான். எழுத்தின் அலங்காரத்தைச் சொல்லும் அமைப்பு இயல்பாக அணைந்தே இருக்கும். வேர்டில் நீங்கள் கோடு போட்டு அடித்த சொல் எனக்கு அடிக்கப்படாத சொல்லாகவே கேட்கும். கணக்கேட்டில் இதைவிட மோசமான பிழை கிடையாது.

சுவடி முத்தையா, டோம்பிவிலி

நாற்பது வருடம் ஆவணங்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சில வார்த்தை.

முதலில் ‘கரு’. அம்மா செல்வி, அது கரு இல்லை, ௧௫. அதாவது பதினைந்து. தமிழ் எண் ஒன்று ககரத்தைப் போலவும், ஐந்து ‘ரு’வைப் போலவும் இருக்கும். நீங்கள் கண்ணால் பார்த்து அதே உருவம் உள்ள எழுத்தைத் தட்டிவிட்டீர்கள். நான்கு சகரத்தைப் போல இருக்கும், மூன்றை ‘ங’ என்று அடித்திருக்கிறீர்கள். திரையில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அவை வேறு வேறு. பிள்ளையார் சுழியும் எண் இரண்டும்கூட இப்படித்தான் குழப்பும். எட்டு அகரம் போல, ஏழு எகரம் போல.

இரண்டாவது. ௳, ௴, ௵, ௶, ௷, ௸, ௹ எல்லாம் யூனிகோடில் தனித்தனி இடம் பெற்ற குறிகள். அவற்றை மாற்றக் கூடாது. மூலத்தில் இருப்பது அப்படியே படியில் இருக்க வேண்டும். படிப்பவரின் வசதிக்காக ௵ என்பதை ‘வருஷம்’ என்றும், ௸ என்பதை ‘மேற்படி’ என்றும் விரித்து எழுதினால் அது படி ஆகாது, விளக்கவுரை.

மூன்றாவது, ‘பணம் கொடுத்தாயிற்று’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஏட்டில் எழுதியிருக்கிறதா?

மாட்டுங்கா செல்வி

ஐயா, ‘கரு’வை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. ஒவ்வோர் எண்ணையும் சரிபார்க்க வேண்டும்.

‘பணம் கொடுத்தாயிற்று’ என்பது ஏட்டில் இல்லை. அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலில் ஒரு டிக் இருக்கிறது. பணம் கொடுத்ததற்கு அடையாளம் என்று நானாக எழுதினேன்.

சுவடி முத்தையா, டோம்பிவிலி

அங்கேதான் வழுக்கிவிட்டீர்கள். நாள்வழியில் இருக்கும் வரியைப் பேரேட்டில் ஏற்றிய பிறகு கணக்குப்பிள்ளை ஒரு டிக் போடுவது பழைய வழக்கம். பணம் கைமாறியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மாரியின் பெயர் பின்னால் எங்காவது வருகிறதா, பாருங்கள்.

மாட்டுங்கா செல்வி

வருகிறது! 41ஆம் பக்கத்தில் ‘மாரி பழைய பாக்கி ௹ ௩’ என்று இருக்கிறது, பக்கத்தில் கைநாட்டு. 37இல் டிக் போட்ட மூன்று ரூபாயைத்தான் நான்கு பக்கம் தள்ளிக் கொடுத்திருக்கிறார். நான் எழுதியதை நம்பியிருந்தால் பெரியம்மா மாரிக்கு இரண்டு முறை பணம் கொடுத்ததாக நினைத்திருப்பார்.

அந்தேரி இராகவன்

குறிகளைப் பற்றிய என் ஒரே கட்டளை இதுதான்: கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள், அதன் பொருளை ஊகிக்காதீர்கள். ‘சிவப்பு டிக்’ என்று எழுதுங்கள். அது பேரேட்டில் ஏற்றியதன் அடையாளமாக இருக்கலாம் என்பதை முன்னுரையில் ஒரே ஒரு முறை, காரணத்தோடு சொல்லுங்கள். நீங்கள் பார்த்து ஊகிக்கும் உரிமை எனக்கும் உண்டல்லவா?

எந்தக் குறியைச் சொல்வது என்ற கேள்விக்கும் வருகிறேன். அந்தக் குறி இல்லாவிட்டால் வரியின் பொருளோ நம்பகமோ மாறுமா என்று பாருங்கள். அடித்தல், கைநாட்டு, ரெவின்யூ ஸ்டாம்ப் வில்லை, டிக் எல்லாம் மாற்றும். மஞ்சள் கறை மாற்றாது, எழுத்தை மறைத்தால் மட்டும் ‘கறையால் ஒரு சொல் படிக்க முடியவில்லை’ என்று சொல்லுங்கள். நெல்லையப்பன் அண்ணன் கேட்ட காகித நிறம், கிழிசல் எல்லாம் முன்னுரையில் இரண்டு வரி. பிள்ளையார் சுழியும் முன்னுரைக்கே: ‘ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி உண்டு, படியில் காட்டவில்லை.’

முத்தையா ஐயாவின் இரண்டாவது விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. யூனிகோடில் இடம் இருப்பது வேறு, குரலுக்கு அதை உச்சரிக்கத் தெரிவது வேறு. செல்வியின் வரியை இப்போது என் கணினியில் ஒட்டிப் பார்த்தேன். ௵ வரும் இடத்தில் குரல் மௌனமாகத் தாண்டியது. கைப்பேசியின் குரல் வேறு மாதிரி நடந்துகொண்டது. குரலுக்குக் குரல் மாறும் ஒன்றை நம்பித் தேதியை வைக்க முடியாது.

கதிர், வாஷி

நான் பிரெயில் காட்சிப் பலகையில் படிப்பவன், காதும் மந்தம். என் பலகையில் 40 கட்டம். தமிழ் பிரெயிலில் ‘முத்திரை’ என்ற ஒரு சொல்லுக்கே எட்டுக் கட்டம் போய்விடும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அப்படி ஐந்து சொல் வந்தால், இடைவெளிகளையும் சேர்த்து, ஒரு வரி நிரம்பி வழிகிறது.

ஆகவே குறிப்பில் முக்கியமான சொல் முதலில் வரட்டும். ‘இங்கே வலது ஓரத்தில் சற்று மங்கலாக ஒரு வட்ட வடிவ முத்திரை காணப்படுகிறது’ என்று எழுதினால் முத்திரை என்பதை அறியவே ஒரு முறை பலகையை நகர்த்த வேண்டும். ‘முத்திரை, வட்டம், மங்கல்’ என்று எழுதினால் முதல் சொல்லிலேயே தொடர்வதா தாண்டுவதா என்று முடிவு செய்துகொள்வேன்.

மாட்டுங்கா செல்வி

முத்திரைக்கும் வில்லைக்கும் சின்னப் படங்களை வெட்டி ஓரத்தில் மிதக்கவிட்டிருக்கிறேன். அவற்றை எடுத்துவிடவா?

அந்தேரி இராகவன்

வைத்திருக்க வேண்டுமென்றால் வைத்திருங்கள், ஆனால் மிதக்க வேண்டாம். மிதக்கும் படத்தைத் திரைவாசிப்பான் எந்த இடத்தில் சொல்லும், சொல்லுமா என்பதற்கே உறுதி இல்லை. `In Line with Text` என்று மாற்றி, அந்தக் குறிப்பு வரிக்கு அடுத்து வையுங்கள். குறிப்பில் சொன்னதையே மாற்று உரையிலும் திரும்ப எழுதாதீர்கள், இரண்டு முறை கேட்க வேண்டிவரும். ‘வில்லையின் படம்’ போதும்.

சுவடி முத்தையா, டோம்பிவிலி

வில்லை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சுப்பையாவின் கணக்கில் கூட்டுத்தொகை என்ன? 15, 4, 2 ரூபாய் 8 அணா. ஆக 21 ரூபாய் 8 அணா. 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி அன்று இருபது ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஒரு அணா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். அதன் மீது குறுக்காகக் கையெழுத்துப் போடுவார்கள். ஆகவே ‘முத்திரை’, ‘கையெழுத்து’ என்று இரண்டு தனிக் குறிப்பாக எழுதுவது தவறு. கையெழுத்து வில்லையின் மேல் ஏறியிருக்கிறது என்பதுதான் செய்தி. அதுதான் பணம் பெற்றதற்குச் சாட்சி.

இராகவன் தம்பி, குரல் மௌனமாகிறது என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாத்தா சில இடங்களில் ‘வருஷம்’ என்று எழுத்தாலும், சில இடங்களில் குறியாலும் எழுதியிருப்பார். எல்லாவற்றையும் எழுத்தாக்கினால் அந்த வேறுபாடு அழிந்துபோகும். ஒரு வழி சொல்கிறேன். குறிகளோடு ஒரு மூலப்படி இருக்கட்டும். அதிலிருந்து தேடி மாற்றும் வசதியால் ஒரு வாசிப்புப் படி எடுங்கள். ஏழெட்டுக் குறிதானே, ஏழெட்டு மாற்றம்.

அந்தேரி இராகவன்

நல்ல வழி, குறிகளுக்குச் சரியாக வரும். எண்களுக்கு மட்டும் அப்படிச் செய்யாதீர்கள், செல்வி. தாத்தா ஏட்டில் ௰ வருகிறதா?

மாட்டுங்கா செல்வி

வருகிறது அண்ணா. 12ஆம் பக்கத்தில் ‘௨௰௫’ என்று ஒரு தொகை. வேறு பக்கங்களில் ௰ இல்லாமல் இன்றைய முறையிலும் எழுதியிருக்கிறார்.

அந்தேரி இராகவன்

அதுதான் பொறி. ௨௰௫ என்றால் இரண்டு பத்தும் ஐந்தும், 25. ஒவ்வொரு குறியையும் இயந்திரம் போல மாற்றினால் 2105 ஆகிவிடும். சாப்பாட்டுக் கடைக்காரர் ஒரே நாளில் ஜமீன்தார் ஆகிவிடுவார். எண்களைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

சரிபார்க்க வழி ஏட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு நாளின் கீழும் தாத்தா கூட்டுத்தொகை போட்டிருப்பார். நீங்கள் மாற்றிய எண்களைக் கூட்டிப் பாருங்கள், 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஒரு அணா. கூட்டு ஒத்துவராத நாளில் ஒன்று உங்கள் தவறு, இல்லை தாத்தாவின் தவறு. தாத்தாவின் தவறு என்றால் திருத்தாதீர்கள், ‘குறிப்பு: கூட்டு ஒத்துவரவில்லை’ என்று எழுதுங்கள்.

ஒற்றை எழுத்தில் சந்தேகம் வந்தால் வேர்டில் அந்த எழுத்துக்குப் பின்னால் நின்று `Alt+X` அழுத்துங்கள். ககரம் என்றால் `0B95` என்று மாறும், எண் ஒன்று என்றால் `0BE7`. மறுபடி அழுத்தினால் பழைய எழுத்து வந்துவிடும்.

2-8-0 என்று கோடு போட்டு எழுதுவதையும் விடுங்கள். குரல் அதைத் தேதியாகவோ கழித்தலாகவோ வாசிக்கலாம். ‘2 ரூபாய் 8 அணா’ என்றே எழுதுங்கள்.

தாராவி நெல்லையப்பன்

நான் சொன்ன படவழி தப்பு என்று புரிந்தது. இருந்தாலும் ஒரு கேள்வி. கணக்கை ஏன் அட்டவணையாகப் போடக் கூடாது? என் கடைக் கணக்கு எல்லாம் அட்டவணைதான். பெயர், பொருள், தொகை என்று மூன்று பத்தி.

அந்தேரி இராகவன்

அட்டவணை எனக்குப் பிடித்ததுதான், அண்ணே. `Ctrl+Alt` பிடித்துக் கீழ் அம்புக்குறியை அழுத்தினால் தொகைப் பத்தியில் மட்டும் நேராக இறங்கிப் போகலாம். ஆனால் அங்கே ‘மேற்படி’ என்ற குறி காலை வாரிவிடும். பத்தியின் நடுவில் நிற்பவனுக்கு மேலே யார் இருந்தார் என்று தெரியாது. அதனால் அட்டவணை போட்டால் ஒவ்வொரு வரியிலும் சுப்பையா பெயரையே போட வேண்டும். முத்தையா ஐயா கோபித்துக்கொள்வார்.

சுவடி முத்தையா, டோம்பிவிலி

கோபித்துக்கொள்வேன்தான். ‘மேற்படி, சுப்பையா’ என்று இரண்டையும் எழுதினால் கோபம் பாதியாகக் குறையும்.

மாட்டுங்கா செல்வி

நேற்று 37ஆம் பக்கத்தை வரி வரியாகவும், அட்டவணையாகவும் இரண்டு விதமாகச் செய்து பெரியம்மாவிடம் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், வாயைத் திறக்கவில்லை. வரிவடிவம் இது:

```
[Heading 2] தை, தாது வருஷம், 1937 ஜனவரி–பிப்ரவரி
பக்கம் 37
[Heading 3] தை 15, சுப்பையாவுக்குப் பணம்
சுப்பையா: அரிசி 2 மூட்டை, 15 ரூபாய்.
மேற்படி, சுப்பையா: பருப்பு, 4 ரூபாய்.
மேற்படி, சுப்பையா: எண்ணெய், 2 ரூபாய் 8 அணா.
குறிப்பு: அடித்தல். முதலில் 3 ரூபாய், மேலே திருத்தம்.
கூட்டு: 21 ரூபாய் 8 அணா.
குறிப்பு: ஒரு அணா வில்லை, மேலே குறுக்காகக் கையெழுத்து.
மாரி: விறகு, 3 ரூபாய்.
குறிப்பு: சிவப்பு டிக்.
```

சதுர அடைப்புக்குள் இருப்பது உங்களுக்குக் காட்டத்தான், கோப்பில் அது பாணியாக இருக்கிறது. ஆங்கில மாதத்தை மட்டும் போட்டிருக்கிறேன், நாளைப் போடவில்லை. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் முன்பின் ஆகிறது.

பெரியம்மா முதல் முறையிலேயே எண்ணெயின் திருத்தத்தைப் பிடித்துவிட்டார். ‘மூன்று ரூபாய் கேட்டவரை இரண்டரைக்கு இறக்கியிருக்கிறார், தாத்தா அப்படித்தான்’ என்றார். அது ஊகம் என்று சொன்னேன், ‘என் தாத்தா, நான் ஊகிப்பேன்’ என்றார்.

அட்டவணை அவருக்குப் பிடிக்கவில்லை. கைப்பேசியில் படிக்கும்போது ஒவ்வொரு கட்டமாக விரலால் தள்ள வேண்டியிருக்கிறதாம். இராகவன் அண்ணனுக்குப் பிடித்தது பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. இப்போதைக்கு வரிவடிவத்தில் போகிறேன்.

அந்தேரி இராகவன்

பெரியம்மா சொன்னால் சரிதான். ஆனால் மாதக் கடைசியில் எண்ணெய்ச் செலவு மட்டும் எவ்வளவு என்று கேட்பார், அப்போது அட்டவணை வேண்டும் என்பார். அட்டவணை வடிவத்தை அழித்துவிடாதீர்கள்.

கோப்பின் மொழி தமிழ் என்று குறித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆங்கிலம் என்று இருந்தால் சில கணினிகளில் ஆங்கிலக் குரல் வந்து தமிழை விழுங்கிவிடும்.

கதிர், வாஷி

‘மேற்படி, சுப்பையா’ எனக்கு ஒவ்வொரு வரியிலும் பாதி வரியைத் தின்கிறது. சுப்பையா மட்டும் போதும் என்பது என் வாக்கு. முத்தையா ஐயா மன்னிக்க.

சுவடி முத்தையா, டோம்பிவிலி

மன்னிக்க மாட்டேன். ஆனால் மூலப்படி தனியாக இருக்கும்வரை வழக்குப் போட மாட்டேன்.

மாட்டுங்கா செல்வி

எல்லோருக்கும் ஒரு புதிய தலைவலி. பிள்ளையார் சுழி ‘ஒவ்வொரு பக்கத்திலும் உண்டு’ என்று முன்னுரையில் எழுதுவதற்கு முன் 96 பக்கத்தையும் புரட்டினேன். 58, 59 ஆகிய இரண்டு பக்கத்தில் இல்லை. மையும் கையெழுத்தும் அதேதான், தாள் மட்டும் சற்றுக் குட்டையாக இருப்பது போலத் தெரிகிறது. அதை முன்னுரையில் சொல்வதா, அந்தப் பக்கத்திலேயே குறிப்பாகப் போடுவதா?

அந்தேரி இராகவன்

அந்தப் பக்கத்திலேயே. ‘குறிப்பு: பிள்ளையார் சுழி இல்லை. தாள் குட்டை.’ வேறு ஒன்றும் எழுதாதீர்கள்.

சுவடி முத்தையா, டோம்பிவிலி

அளவுகோல் வைத்து அளந்து சொல்லுங்கள், அம்மா. தையல் துளைகள் மற்றத் தாள்களோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள்.